ஊனச் சதவீதத்தை மறுமதிப்பீடு செய்யக் கோரும் விண்ணப்பம்

18.07.2025

அனுப்புநர்:
இரா. மல்லிகா, வயது 41

பெறுநர்:
தலைவர், மாவட்ட மருத்துவக் குழு,
அரசு தலைமை மருத்துவமனை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மல்டிபிள் ஸ்கிலீரோசிஸ் நோயால் ஏற்பட்ட ஊனத்துக்காக 14.06.2021 அன்று தங்கள் குழு எனக்கு 35 சதவீதம் என்று சான்றிதழ் வழங்கியது. அன்றைய நிலைக்கு அது சரியாகவே இருந்திருக்கலாம். அப்போது ஊன்றுகோல் இல்லாமல் அரை கிலோமீட்டர் வரை நடந்தேன்.

2023 ஆகஸ்டிலும் 2024 நவம்பரிலும் நோய் மறுபடி தாக்கியது. இரண்டு முறையும் மருத்துவமனையில் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். முதல் முறை ஓரளவு தேறினேன். இரண்டாவது முறை இடது கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பாதம் தொங்குவதால் பட்டை அணிகிறேன். கையில் ஊன்றுகோல் இருந்தும் நூறு மீட்டருக்குள் நின்றுவிட வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை விழுந்தேன், ஒருமுறை மணிக்கட்டு முறிந்தது. வலது கண் பார்வையும் மங்கிவிட்டது. பழைய சான்றிதழில் கண் பற்றி ஒன்றும் இல்லை. நரம்பியல் மருத்துவர் 2021இல் 4.0 என்று குறித்த, ஊனம் கூடக் கூட ஏறும் இ.டி.எஸ்.எஸ். அளவு இப்போது 6.0.

தானாகத் தேறுமோ என்று எட்டு மாதம் காத்திருந்து பார்த்த பிறகே விண்ணப்பிக்கிறேன். நடுவில் ஒருமுறை விசாரித்தபோது, சான்றிதழில் 'நிரந்தரம்' என்று இருப்பதால் சதவீதத்தை மாற்ற முடியாது என்றார்கள். நிரந்தரம் என்றது ஊனத்தைத்தான், அதன் அளவை அல்ல என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பல சலுகைகளுக்கு 40 சதவீதத்தை எல்லையாக வைத்திருப்பதால், இந்தக் கேள்வி எனக்கு வெறும் எண்ணைப் பற்றியது அல்ல. அதற்காக இத்தனை சதவீதம் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. இன்றைய உடம்பைப் பார்த்து எழுதுங்கள் என்பதே கோரிக்கை.

பரிசோதனை பற்றி ஒரு வேண்டுகோள். இந்த நோயில் காலையில் நன்றாக இருப்பேன். வெயிலும் களைப்பும் ஏற ஏறக் கால் கனத்துவிடும். போன முறை காலை பத்து மணிக்கு, அறைக்குள் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பத்தடி இன்றும் நடந்துவிடுவேன். முடிந்தால் பிற்பகலில் நேரம் கொடுத்து, நான் நிற்கும்வரை தாழ்வாரத்தில் நடக்க வைத்துப் பாருங்கள். அப்புறம், கண் பரிசோதனையையும் அதே நாளில் வைத்தால் பெரிய உதவி. இரண்டு முறை வந்துபோவது சிரமம்.

பழைய சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள், இரண்டு முறை உள்நோயாளியாக இருந்ததற்கான டிஸ்சார்ஜ் சம்மரி, 2021, 2024 எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், நரம்பியல், கண் மருத்துவர்களின் கடிதங்கள் இணைத்துள்ளேன். படங்களின் அசலை நேரில் கொண்டுவருகிறேன். துணைக்கு என் தம்பி வருவார், அவரையும் உள்ளே அனுமதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரா. மல்லிகா