மடிப்பாக்கம் மாடி வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் கரண்ட் பார்க்கும் லிஸ்ட்

மீனா, இதை பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கையோடு கொண்டு போ. மாப்பிள்ளையும் கூட வரட்டும். ஒருத்தர் மீட்டர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒருத்தர் மாடியில் சுவிட்ச் போட வேண்டும். சாயங்காலம் ஆறரை, ஏழுக்குப் போங்கள். தெருவே ஏசி போடும் அந்த நேரத்தில்தான் வோல்டேஜின் நிஜமான நிலை தெரியும். போன வாரம் கூரியரில் அனுப்பிய மூணு லைட் பிளக் டெஸ்டர், சாதாரண ஸ்க்ரூ டெஸ்டர், செல்போன் சார்ஜர், ரப்பர் செருப்பு, இவ்வளவு போதும். எந்த பலகையையும் நீயாகக் கழற்றாதே.

கீழே, மீட்டர் பெட்டியில்

☐ மீட்டர் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மடிப்பாக்கம் தண்ணீர் நிற்கிற பகுதி. 2015 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேள். அந்தக் கோட்டுக்கு மேலேதான் மீட்டரும் மெயினும் இருக்க வேண்டும்.

☐ மாடிக்குத் தனி மீட்டரா? சர்வீஸ் நம்பரை போட்டோ எடு. ஓனர் வைத்த சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் ரேட், வீட்டுக்கு உள்ள 100 யூனிட் இலவசமும் உனக்கு முழுசாக வராது. கடைசி இரண்டு பில்லைக் காட்டச் சொல், பாக்கி இருக்கிறதா பார்.

☐ அடுத்தது எளிமையான சோதனை, இதைச் செய்யாமல் வராதே. மாடியில் பிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைக்கச் சொல். மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும். மீட்டரில் மினுக்கும் சிவப்பு லைட்டை ஐந்து நிமிஷம் பார். பல மீட்டர்களில் 3200 imp/kWh என்று எழுதியிருக்கும், அதாவது ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மினுக்கும். ஒரு பத்து வாட் பல்பு எரிந்தாலே ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மினுக்கும். எல்லாம் அணைந்தும் மினுக்கினால் எங்கோ லீக்கேஜ், இல்லையென்றால் வேறு யாருடைய கரண்டோ உன் மீட்டரில் ஓடுகிறது. மெயினையும் அணைத்துப் பார். அப்போதும் மினுக்கினால் மெயினுக்கு முன்னாலேயே யாரோ இழுத்திருக்கிறார்கள்.

☐ மாடி மெயின் அணைந்திருக்கும்போதே போர் மோட்டாரும் மாடிப்படி லைட்டும் போடச் சொல். ஓடவில்லை என்றால் அவை உன் கணக்கில்தான் ஓடுகின்றன. மோட்டார் பில்லை எப்படிப் பிரிப்பது என்று அன்றைக்கே பேசிவிடு.

☐ பீஸ் கட்டை இருந்தால் அதில் என்ன கம்பி போட்டிருக்கிறார்கள் என்று கேள். தடிமனான செம்புக் கம்பி என்றால் அது பீஸே இல்லை. எம்.சி.பி மாற்றித் தரச் சொல்.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

மற்றதெல்லாம் காசு செலவழித்தால் சரியாகும், வந்த பிறகும் செய்யலாம். இந்த இரண்டும் இல்லாத வீட்டில் கவினைத் தரையில் விடாதே. தவழ்கிற பிள்ளை, எல்லாப் பிளக்கும் அவன் கை எட்டும் உயரத்தில்தான் இருக்கும்.

☐ ஆளுக்கு ஷாக் அடித்தால் உடனே கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி இருக்கிறதா? "டிரிப்பர் இருக்கும்மா" என்பார்கள், அதை நம்பிவிடாதே. எம்.சி.பி.யையும் டிரிப்பர் என்றுதான் சொல்கிறார்கள். எம்.சி.பி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், ஆளுக்கு ஷாக் அடித்தால் விழாது. ஆர்.சி.சி.பி.யில் டி எழுத்து போட்ட சின்ன பட்டன் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும், 100, 300 எல்லாம் ஆள் பாதுகாப்புக்கு ஆகாது. அந்தப் பட்டனை அமுக்கு. படக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது செத்துப்போனது.

☐ பட்டன் விழுந்ததால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும். அதனால் மூணு லைட் டெஸ்டரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகு. டெஸ்டர் மேலேயே எந்த லைட் எரிந்தால் என்ன என்று படம் இருக்கிறது. சமையலறை, பாத்ரூம், வாஷிங் மெஷின், ஏசி, இந்த நாலையும் விடாதே.

☐ டெஸ்டர் சரி என்று காட்டினாலும் ஒரு திருட்டு வேலை இருக்கலாம். எர்த் வயர் இழுக்காமல், பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் லூப் அடித்துவிடுவார்கள். டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜ், கிரைண்டர் பாடி முழுக்க கரண்ட் வந்து நிற்கும். நான் பழைய வீடுகளில் இதைப் பல தடவை பார்த்துக் கழற்றியிருக்கிறேன். எனவே ஓனரின் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி, மெயினை அணைத்து, சமையலறை பிளக் பலகை ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல். சுவருக்குள்ளிருந்து பச்சை வயர் வருகிறதா, இரண்டு பின்னுக்கு நடுவே லூப் இருக்கிறதா என்று உன் கண்ணால் பார்.

☐ எர்த் குழி எங்கே? காம்பவுண்ட் ஓரம் ஒரு பைப் தலை தெரியும். டைல்ஸ் போட்டு மூடிவிட்டோம் என்றால் கம்பி எங்கே போகிறது என்று கேள். தண்ணீர் பைப்பில் கட்டியிருந்தால் அது எர்த் ஆகாது.

அறை அறையாக

☐ பிளக் ஓட்டையைச் சுற்றி மஞ்சளித்தோ கருகியோ இருக்கிறதா, சுவிட்ச் பக்கத்தில் கருகல் வாடை வருகிறதா பார்.

☐ சுவிட்சை அணைத்த பிறகு பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா? எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. லைட் சுவிட்சும் அப்படியே இருந்தால் பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும்.

☐ ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4 ஸ்கொயர் எம்.எம் வயர் தனியாகப் போயிருக்கிறதா என்று கேள். ஒன்றரை ஸ்கொயர் வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி போட்டிருந்தால் எம்.சி.பி விழும் முன் வயர் எரியும்.

☐ உன் இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகாதே. மேடையில் 16 ஆம்பியர் இல்லையென்றால் ஓனரிடம் கேட்டு வாங்கு.

☐ ஹீட்டரைப் போடு. வேறு லைட் லேசாக மங்கினால் பரவாயில்லை. எங்காவது லைட் பளிச்சென்று கூடினால் நியூட்ரல் லூஸ், டிவியும் பிரிட்ஜும் போய்விடும். அதைச் சரி செய்து காட்டும்வரை அட்வான்ஸ் பேச்சே வேண்டாம்.

☐ மழைக்கறை உள்ள சுவரில் சுவிட்ச் பலகை இருக்கிறதா?

மொட்டை மாடி, பால்கனி

☐ கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் கை எட்டும் தூரத்தில் தொங்குகிறதா, தோல் உரிந்திருக்கிறதா?

☐ துணி காயப்போடும் கொடிக்கம்பி எதில் கட்டியிருக்கிறது? சர்வீஸ் வயர் தாங்கும் பைப்பிலோ அதன் பக்கத்திலோ கட்டியிருந்தால் முதல் வேலை அதை அவிழ்ப்பது. இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டு. மழைக்காலத்தில் ஈரத்துணி போடும்போதுதான் உயிர் போகிறது.

ஓனர் அடுத்த வருஷம் விற்கலாம் என்றாராமே. வாங்குகிற எண்ணம் வந்தால் இன்னும் மூன்று: மின் இணைப்பு யார் பெயரில், எவ்வளவு மின்பளுவுக்கு, எத்தனை பேஸ் என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குத் தேவையான காகிதத்தைப் பத்திரப்பதிவன்றே வாங்கிவிட வேண்டும். இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் வயரிங்கைச் சோதிக்க வேண்டும், இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அதற்கு நானே மதுரையிலிருந்து வருகிறேன்.

☐ ஓனர் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டதை எல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் எழுது: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, எர்த், சமையலறை 16 ஆம்பியர் பிளக், செய்து முடிக்கும் தேதி.

☐ கம்பத்திலிருந்து மீட்டர்வரை உள்ள கோளாறுக்கு ஓனரோ தெரு எலக்ட்ரீஷியனோ கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு போன் செய்.

☐ மீட்டர், மெயின் பலகை, கழற்றிய பிளக், மூன்று போட்டோவும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. நான் பார்த்துவிட்டு போன் செய்யும்வரை அட்வான்ஸ் பணத்தைக் கொடுக்காதே.