சுவர் விரிசல் காரணமாக மார்ச் 1 அன்று வீட்டைக் காலி செய்கிறோம் (படங்கள் இணைப்பு)

மடிப்பாக்கம், சென்னை
14.02.2026

மதிப்பிற்குரிய சுந்தரம் ஐயா,

வணக்கம். உங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கும் கலைவாணி எழுதுகிறேன். ஜூன் 30 வரை அக்ரிமென்ட் இருந்தாலும், மார்ச் 1 அன்று வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம். வாடகையிலோ உங்களிடமோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சுவர்களைப் பார்த்துப் பயந்துதான் போகிறோம்.

பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டியதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. டிசம்பரில் வாட்ஸ்அப்பில் எழுதியபோது, பூச்சு விரிசல்தான் என்று சொல்லி ஆள் அனுப்பிப் பட்டி பார்த்துக் கொடுத்தீர்கள். பொங்கலுக்குள் அதே இடத்தில் மறுபடி பிளந்துவிட்டது. ஜனவரியில் மறுபடி எழுதினேன், இன்ஜினியரை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். இதுவரை யாரும் வரவில்லை.

படங்களைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். முதல் இரண்டும் படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஏறும் விரிசல். அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். ஜனவரி 18 கோட்டைத் தாண்டி இப்போது ஒரு சாண் மேலே போயிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பு வாட்டில் செருகினால் உள்ளே போகிறது, அதையும் படம் எடுத்திருக்கிறேன். மூன்றாவது, அதே சுவரை பால்கனிப் பக்கம் நின்று எடுத்தது. அங்கும் அதே இடத்தில் அதே கோடு தெரிகிறது. வெறும் பூச்சாக இருந்தால் இரண்டு பக்கமும் எப்படித் தெரியும்? நான்காவதில் ஹால் பீமுக்கு அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். குளியலறைக் கதவு நிலையோடு இடிப்பதால் சாத்தவே முடிவதில்லை.

மாமியார் இப்போது ஹாலில்தான் படுக்கிறார். ஆனால் பீம் இருக்கும் லட்சணத்தில் அதுவும் பத்திரம் என்று சொல்ல முடியவில்லை.

அக்ரிமென்டில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருப்பது தெரியும். நாங்களாக விரும்பிக் கிளம்பினால் அது நியாயம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் சேதப்படுத்தாதபோது கட்டட அமைப்பைப் பழுதுபார்ப்பது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. ஆகவே நோட்டீஸ் காலத்து வாடகையைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி வாடகை கட்டியாயிற்று. மார்ச் 1 ஞாயிறு காலை பத்து மணிக்கு நீங்களோ உங்கள் மகனோ வந்தால், வீட்டைச் சுற்றிப் பார்த்து, மீட்டர் ரீடிங் எடுத்து, கரன்ட் பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸில் மீதியைக் கொடுத்துவிடலாம். அன்றே முழுதும் முடியாவிட்டால் மார்ச் 31க்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வாடகை அனுப்பும் அதே கணக்குதான்.

அப்புறம், கீழ்வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த ஜன்னல் சுவர் அவர்கள் வீட்டுக்கும் நேர் மேலேதான். அவர்களிடமும் படங்களைக் காட்டியிருக்கிறேன். புதிதாக யாரையும் குடிவைப்பதற்கு முன் தகுதியான கட்டமைப்புப் பொறியாளரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்ததற்கு ஒரு வரி பதில் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
கலைவாணி
முதல் மாடி