வாசிப்புக் குறிப்பு: பூசையில் பதிகத்தின் இடம்

பாடம்: தென்னிந்தியச் சமயங்கள், ஐந்தாம் வாரம்

இந்த வாரக் கட்டுரை தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் அடியார் ஒருவரின் உள்ளக் குமுறலாக அழகாக விளக்குகிறது. ஆனால் அவை கோயிலில் பாடப்படுவதைப் பூசைக்குத் துணையான இசை என்று ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்கு அருகில் வளர்ந்தவள் நான். அங்கே ஓதுவாரின் முறை வந்தால் மணியோசை நின்றுவிடும். ‘திருச்சிற்றம்பலம்’ என்று தொடங்குவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, மறுபடி ‘திருச்சிற்றம்பலம்’. பஞ்சபுராணம் என்பது இதுதான். தூபமும் தீபமும் நைவேத்தியமும் போல இதுவும் இறைவனுக்குச் செய்யும் உபசாரம். கூட்டத்துக்காகப் பாடுவதல்ல, ஓதுவார் சன்னதியைப் பார்த்துத்தான் நிற்கிறார்.

இது இன்று நேற்று வந்த வழக்கமுமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் ராஜராஜன் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் கொடுக்க ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ‘விண்ணப்பம்’ என்ற சொல்லே போதும், பாட்டு யாரை நோக்கியது என்று காட்ட. வைணவக் கோயில் புறப்பாட்டிலும் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னே போகும், வேத பாராயணம் பின்னே வரும்.

இனி அந்த ‘உள்ளக் குமுறல்’. சூலை நோயால் துடித்த அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’. அதன் முதல் பாட்டிலேயே ‘அதிகைக் கெடில வீரட்டானம்’ என்று ஆறும் ஊரும் வந்துவிடுகின்றன. எங்கள் ஊர் வழியாகக் கடலுக்குப் போகிற அதே கெடிலம்தான். ‘ஆற்றேன் அடியேன்’ என்று கதறியவர் அப்பர். இன்று அதைப் பாடுகிற ஓதுவாருக்குச் சூலை இல்லை. ஆனாலும் ‘அடியேன்’ என்றுதான் பாடுகிறார். ஒருவருடைய வலியிலிருந்து பிறந்த சொல், பூசையில் இடம்பெற்ற பிறகு, யார் வந்து நின்றாலும் அவருடையதாகிவிடுகிறது. கட்டுரை தவறவிட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். தனிமனித பக்தி, பொது வழிபாடு என்று அது பிரித்து வைக்கும் இரண்டும் இந்த ஒரு சொல்லில் சேர்ந்துவிடுகின்றன.

என் ஆயா படிக்காதவர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் எங்கள் ஊரில் கரையேறினார் என்பது அவருக்குப் புராணமல்ல, பக்கத்துத் தெருவில் நடந்த செய்தி. கரையேறியவர் பாடிய ‘ஈன்றாளுமாய்’ பதிகத்தில் அவருக்கு முழுதாகத் தெரிந்தது ‘தோன்றாத் துணை’ என்ற சொல் மட்டும்தான். தாத்தா இறந்த வருடம், ஓதுவார் அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் அந்த இடத்துக்காகக் காத்திருந்து, அது வந்ததும் கூடவே சொல்வார்.