நூறு நாள், நடந்தது 83, நடக்காதது 17

படத்தில் இருப்பது எங்கள் வீட்டு மாதக் காலண்டரின் நான்கு தாள்கள். ஜூன் 1 முதல் இன்று செப்டம்பர் 8 வரை நூறு கட்டங்கள். நீல வட்டம் போட்டவை நான் காலை நடை போன நாள்கள். காலியாக இருப்பவை நடக்காத நாள்கள். எண்ணிப் பார்க்கலாம், மறைக்க எதுவும் இல்லை.

நடந்த இடம் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், தினமும் மூன்று சுற்று. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆண்டின் பெரும்பகுதி இந்தக் குளம் வறண்டு கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிற்கிறது. காலை ஐந்தே முக்காலுக்குக் கிழக்குப் பக்கத்தில் நின்றால், மைய மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். காற்று எழும்பியதும் அது கலைந்துவிடும். அதற்குள் முதல் சுற்றை முடித்துவிட வேண்டும் என்பதே என் கணக்கு.

ஜூன் மாதம் முதல் 22 நாள் ஒன்றுகூட விடவில்லை. 23ஆம் தேதி காய்ச்சல், ஐந்து நாள் படுக்கை. எழுந்து கைப்பேசியைப் பார்த்தால், நடையைக் கணக்கு வைக்கும் செயலி பூஜ்யம் என்று காட்டியது. அந்த 22 நாளும் எங்கே போயின? என் கால்கள் நடந்தவைதானே? அன்றே செயலியை நீக்கிவிட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துக்கொண்டேன். பேனாவை அதிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டேன். காலண்டரில் ஒரு கட்டம் காலியானால் மற்றவை அழிவதில்லை.

ஜூலை 4, 5, 6 தேனியில் கல்யாணம். ஆகஸ்டு 3 முதல் 6 வரை அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருந்தது. இந்த நாள்களுக்காக எனக்கு வருத்தம் இல்லை.

மீதி ஐந்து நாளைத்தான் சொல்ல வேண்டும். ஜூலை 15, 16. ஆகஸ்டு 19, 20, 21. காய்ச்சல் இல்லை, மழை இல்லை, வேலை இல்லை. விழிப்பு வந்தும் ஏழு மணி வரை படுக்கையில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே கிடந்தேன். ஜூலை 16 கட்டத்தை உற்றுப் பாருங்கள், வட்டம் போட்டு அடித்திருக்கும். அன்று இரவு நடக்காமலே வட்டம் போட்டேன். மறுநாள் காலை பால் காய்ச்சும்போது அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அடித்த பிறகுதான் நிம்மதி. ஆகஸ்டில், ஏன் வரவில்லை என்று கேட்ட அண்ணியிடம் கால்வலி என்று சொன்னேன். அது பொய். அண்ணி, இதை நீங்கள் படிப்பீர்கள், மன்னித்துவிடுங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு திரும்பிப் போவது எளிது. காரணமே இல்லாமல் மூன்று நாள் விட்ட பிறகு போவதுதான் கடினம். ஆகஸ்டு 22 அன்று செருப்பை மாட்டிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரே ஒரு சுற்று போதும் என்று சொல்லிக்கொண்டுதான் படி இறங்கினேன். கோயில் அருகே பூக்கட்டும் அம்மா, நாரில் முடிச்சுப் போடுவதை நிறுத்தாமலே, "என்ன தாயி, மூணு நாளாகக் காணவில்லையே? உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை அம்மா, சோம்பல்தான்" என்றேன். "சரி, இன்றைக்கு வந்துவிட்டாயே" என்று சொல்லி ஒரு கண்ணி மல்லிகையைக் கிள்ளிக் கொடுத்தார். அன்றும் மூன்று சுற்று முடித்தேன். முதல் 22 நாளைவிட அந்த ஒரு நாளை நான் பெரிதாக நினைக்கிறேன்.

போன வாரம் எச்பிஏ1சி பார்த்தேன். மே மாதக் கடைசியில் 7.9, இப்போது 7.2. மாத்திரை அதேதான், இரவுச் சாப்பாட்டை மட்டும் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்கிறேன். எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி. நான் படுத்துக் கிடந்த நாள்களும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்தே இறங்கியிருக்கிறது.

நாளை விடியற்காலை அலுவலகப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போகிறேன், இரவுதான் திரும்புவேன். 9ஆம் தேதிக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். 10ஆம் தேதி ஐந்தே முக்காலுக்குக் கிழக்குப் பக்கத்தில் நிற்பேன். மதுரையில் இருப்பவர்கள் வாருங்கள், சேர்ந்து நடப்போம்.

#நூறுநாள்நடை #விட்டநாள்17 #தெப்பக்குளம் #மதுரை