நூறு பேருக்கு வெண்பொங்கல்: புதுமனை புகுவிழாக் காலைச் சிற்றுண்டி

வீட்டில் 5 பேருக்கு 400 கிராம் அரிசி போடுகிறோம். அதை அப்படியே 20 மடங்காக்கினால் 8 கிலோ வரும். ஆனால் இலையில் இட்லியும் வடையும் கேசரியும் சேர்ந்தே இருப்பதால், 15 மடங்காகிய 6 கிலோ போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

| பொருள் | 100 பேருக்கான அளவு |
|---|---|
| பச்சரிசி | 6 கிலோ |
| பாசிப்பருப்பு | 2 கிலோ |
| தண்ணீர் | 32 லிட்டர் |
| நெய் | 1¼ கிலோ |
| முந்திரி | 400 கிராம் |
| இஞ்சி | 300 கிராம் |
| சீரகம் | 100 கிராம் |
| மிளகு | 80 கிராம் |
| பெருங்காயத்தூள் | 20 கிராம் |
| உப்பு | முதலில் 200 கிராம் |
| கறிவேப்பிலை | 4 கைப்பிடி |

அரிசியும் பருப்பும் ஒரே விகிதத்தில் பெருகினாலும், மிளகு, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றின் காரமும் மணமும் பெரிய பாத்திரத்தில் தூக்கலாகத் தெரியும் என்பதால், அவற்றைக் கணக்கில் வந்ததைவிடக் குறைத்தே எழுதியிருக்கிறேன். உப்பும் அவ்வாறே, வெந்தபின் ருசி பார்த்துச் சேர்க்கவும்.

வீட்டுக் குக்கரில் ஒரு பங்குக்கு 5 பங்கு தண்ணீர் விடுவது வழக்கம். அண்டாவில் சூடு நெடுநேரம் நிற்பதால் 4 பங்கே போதும். பரிமாறுவதற்குள் பொங்கல் இறுகுமாதலால், 5 லிட்டர் வெந்நீர் தனியே கைவசம் இருக்க வேண்டும். ஒரே அண்டாவில் அடிபிடிக்கும் அபாயம் உண்டு. 40 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டில் சரிபாதியாகப் பிரித்து வேக வைக்கவும். நெய்யில் கால் கிலோவைக் கடைசித் தாளிப்புக்கு ஒதுக்கி வைக்கவும்.