பணி அனுபவச் சான்றிதழும் பணி விடுவிப்புக் கடிதமும் வேண்டி விண்ணப்பம்

பள்ளத்தூர்,
03.11.2025

அனுப்புநர்:
ரா. முத்துலட்சுமி,
முன்னாள் பட்டறை மேற்பார்வையாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
ஆத்தங்குடி கல் பட்டறை,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.

பொருள்: 12.11.2025-க்குள் பணி அனுபவச் சான்றிதழும் பணி விடுவிப்புக் கடிதமும் வழங்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பட்டறையில் 11.06.2018 அன்று கணக்கராகச் சேர்ந்து, 01.04.2021 முதல் மேற்பார்வையாளராக இருந்து, அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சைக்காக 30.09.2024 அன்று தங்கள் சம்மதத்துடன் வேலையிலிருந்து நின்றேன். அப்போது நான் எழுத்து மூலமாக எதுவும் கேட்கவில்லை. தாங்களும் வாய்ச்சொல்லாகவே விடைகொடுத்தீர்கள். அன்று அது போதுமானதாக இருந்தது. இன்று அதே விவரத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டிய நிலை வந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் தரை வேலைகளுக்கான மேற்பார்வையாளராக என்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள். 17.11.2025 திங்கட்கிழமை காலை அசல் சான்றுகளுடன் நேரில் வரவேண்டும் என்றும், அவை சரியாக இருந்தால் 24.11.2025 அன்று வேலையில் சேரலாம் என்றும் கூறியுள்ளார்கள். முந்தைய வேலைக்கான அனுபவச் சான்றிதழையும் விடுவிப்புக் கடிதத்தையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். நம் பட்டறையில் ஆட்கள் குறைவு என்பதால் பி.எஃப். பிடித்தம் கிடையாது, சம்பளமும் வவுச்சரில் கையெழுத்திட்டுக் கையில்தான் வாங்கினோம். ஆகவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்குத் தாங்கள் தரும் கடிதத்தைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. மேலும், கடந்த ஓராண்டுக்கும் மேலாக நான் எங்கும் வேலையில் இல்லை என்பதால், வேலையிலிருந்து நீக்கப்பட்டேனோ என்ற ஐயம் அவர்களுக்கு எழக்கூடும். குடும்பக் காரணத்தால் நானே விலகினேன் என்பதை விடுவிப்புக் கடிதம் மட்டுமே தெளிவுபடுத்தும்.

அனுபவச் சான்றிதழில் பதவிகளும் தேதிகளும் இருப்பதோடு, நான் செய்த வேலையையும் இரண்டு மூன்று வரிகளில் குறிப்பிட்டால் எனக்குப் பேருதவியாக இருக்கும். புதிய வேலை பழைய தரைகளுக்குக் கல் தேர்ந்தெடுப்பதைச் சார்ந்தது. எனவே வெறுமனே கணக்கு எழுதினேன் என்று இருந்தால் போதாது. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து நிறங்களை ஊற்றும்போது கலவையின் பதத்தைக் கவனித்ததும், தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய நாளையும் எடுத்த நாளையும் பலகையில் எழுதி வந்ததும், காய்ந்த கல்லைக் கண்ணாடியிலிருந்து பிரித்தவுடன் வெயிலில் சாய்த்துப் பார்த்து, நிறம் கலங்கியதையும் ஓரம் உடைந்ததையும் ஒதுக்கியதும் என் பொறுப்பாக இருந்தன. இதில் எந்த அளவுக்கு எழுதலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்; நான் செய்யாத எதையும் சேர்க்க வேண்டாம். சம்பள விவரத்தை அவர்கள் கேட்கவில்லை.

விடுவிப்புக் கடிதத்துக்கு இந்த வாசகம் பொருந்தும் என எண்ணுகிறேன்: “ரா. முத்துலட்சுமி அவர்கள் குடும்பக் காரணங்களால் தாமாக முன்வந்து கேட்டுக்கொண்டதன் பேரில் 30.09.2024 அன்று மாலை பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் பொறுப்பிலிருந்த சாவிகளையும் ஆர்டர் நோட்டுகளையும் ஒப்படைத்துவிட்டார். அவரிடமிருந்து எங்களுக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை.” நான் வாங்கியிருந்த 15,000 ரூபாய் முன்பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு, ஆயுத பூஜைக்கு முன்பே தாங்கள் கணக்கை முடித்துக் கொடுத்தது நினைவிருக்கும். தேதிகளில் ஐயம் இருந்தால் சம்பளப் பதிவேட்டிலும் வவுச்சர் கட்டிலும் சரிபார்க்கலாம். 2018-ஆம் ஆண்டுப் பதிவேடு அலுவலக அறையின் மர அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது.

இரண்டு கடிதங்களும் பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளில், தேதி, தங்கள் கையொப்பம், முத்திரை ஆகியவற்றுடன் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து அழைத்து விசாரிக்கக்கூடும் என்பதால் பட்டறையின் தொலைபேசி எண்ணும் தாளில் இருப்பது நல்லது. தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்றால், தாங்கள் சொல்லும் வாசகத்தைக் காரைக்குடியில் நானே தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன். படித்துப் பார்த்துத் திருத்திக் கையொப்பமிட்டால் போதும்.

15-ஆம் தேதி சனிக்கிழமை இரவு சென்னைக்குப் புறப்படுகிறேன். 12.11.2025 புதன்கிழமைக்குள் கடிதங்கள் கிடைத்தால், ஏதேனும் எழுத்துப்பிழை இருப்பினும் திருத்திக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் இருக்கும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானே பட்டறைக்கு வந்து பெற்றுக்கொள்கிறேன். அன்று தாங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், வேறு எந்த நாளில் வரலாம் என்பதை என் பழைய எண்ணிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.

கணக்கு எழுத வந்த என்னைக் கல்லின் தரம் பார்க்கப் பழக்கியவர் தாங்கள்தான். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்த வேலையைத் தருகிறார்கள் என்பதால், தங்கள் கையொப்பத்துடன் செல்லவே விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. முத்துலட்சுமி

இணைப்பு: ஆதார் நகல், புதிய நிறுவனத்தின் தேர்வுக் கடித நகல்.