தம்பிக்கு: சைவநெறி பாடமாக்கிற ரைம்ரேபிள் (யூலை 1 - 30)

தம்பி, 30ஆம் தேதி உன்ர ரெண்டாம் தவணைச் சோதினை, அதுக்குள்ள பாடமாக்க வேண்டியதை ஆறு கட்டாப் பிரிச்சிருக்கிறன், இதைப் பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேல ஒட்டு. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும், ஆனா ஒரு நாளும் விடக்கூடாது.

கட்டு 1: தோடுடைய செவியன், கூற்றாயினவாறு, பதி பசு பாச விளக்கம்
கட்டு 2: பித்தா பிறைசூடீ, மாசில் வீணையும், மும்மலம்
கட்டு 3: பால்நினைந்தூட்டும், சரியை கிரியை யோகம் ஞானமும் அதுகளுக்குரிய முத்தியளும்
கட்டு 4: ஒளிவளர் விளக்கே, பாலுக்குப் பாலகன், ஐந்தொழில்
கட்டு 5: உலகெலாம் உணர்ந்து, ஏறுமயிலேறி, பன்னிரு திருமுறை வரிசையும் பாடினாக்களும்
கட்டு 6: வான்முகில் வழாது, விபூதி உருத்திராக்கம் பஞ்சாட்சர விளக்கம்

ஒவ்வொரு கட்டும் படிச்ச நாளுக்குப் பிறகு 1, 3, 7, 16ஆம் நாளில திரும்பி வரும். எபிங்ஹவுஸ் எண்ட ஜெர்மன்காரர் 1885லயே எழுதிப்போட்டார், படிச்ச உடனதான் கனக்க மறக்குதாம், அதாலதான் முதல் இடைவெளி சின்னன், போகப் போகப் பெருசு.

1 - கட்டு 1 புதுசு
2 - கட்டு 1
3 - கட்டு 2 புதுசு
4 - 1, 2
5 - கட்டு 3 புதுசு
6 - 2, 3
7 - கட்டு 4 புதுசு
8 - 1, 3, 4
9 - கட்டு 5 புதுசு
10 - 2, 4, 5
11 - கட்டு 6 புதுசு
12 - 3, 5, 6
13 - சிவப்புப் புள்ளி மட்டும்
14 - 4, 6
15 - சிவப்புப் புள்ளி
16 - 5
17 - 1
18 - 6
19 - 2
21 - 3
23 - 4
25 - 5
27 - 6
20, 22, 24, 26 - பழைய பேப்பர் கேள்வியள், எழுதித்தான் செய்யோணும்
28 - ஆறு கட்டும், காலமை மூண்டு பின்னேரம் மூண்டு
29 - சிவப்புப் புள்ளி மட்டும், எட்டு மணிக்குக் கொப்பியை மூடு

திரும்பச் செய்யிறதெண்டா திரும்ப வாசிக்கிறது இல்லை, இதுதான் முக்கியம். கொப்பியை மூடிப்போட்டு வாயால சொல்லு, பிறகு ஒரு தாளில எழுது, எழுதி முடிச்ச பிறகுதான் திறந்து பார். வாசிக்கேக்கை எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும், சோதினை மண்டபத்தில ரெண்டாம் அடியில நிண்டுடும். தடக்கின பாட்டுக்குச் சிவப்புப் புள்ளி வை, அது அடுத்த நாளும் வரும், ரெண்டு தரம் தடக்காமல் சொன்னா புள்ளியை வெட்டு.

தேவாரத்துக்கு எதுகையைப் பிடி, அதைவிட நல்ல பிடி கிடையாது. சம்பந்தரின்ர பாட்டில நாலு அடியும் எப்பிடித் தொடங்குது எண்டு பார், தோடுடைய, காடுடைய, ஏடுடைய, பீடுடைய. இந்த நாலு சொல்லையும் ஓரத்தில எழுதி வைச்சா அடி மாறவே மாறாது. அப்பர் சுவாமியின்ரயும் அப்பிடித்தான், கூற்றாயின, ஏற்றாய், தோற்றாது, ஆற்றேன். முதல் நாள் அந்தச் சொல்லைப் பாத்துச் சொல்லு, நாலாம் நாள் அதையும் மறைச்சுப்போட்டுச் சொல்லு. பாட்டுப் பிறந்த இடத்தையும் சேத்து நினை. கூற்றாயினவாறு சூலை நோயோட திருவதிகையில பாடினது, வயித்து வேதனை அந்த மூண்டாம் அடியில அப்பிடியே இருக்கு, விளங்கிப் படிச்சா அந்த அடி தானா வரும். மாசில் வீணையும் நீற்றறைக்குள்ள இருந்து பாடினது, ரெண்டும் ஒருத்தர் பாடினதெண்டதால கட்டைப் பிரிச்சு வைச்சிருக்கிறன். பால்நினைந்தூட்டும், பாலுக்குப் பாலகன் ரெண்டும் பால் எண்டு தொடங்கிறதால அதுகளையும் வேற வேற நாளில போட்டனான், ஒண்டு மாணிக்கவாசகர் மற்றது சேந்தனார், பேரையும் சொல்லித்தான் பாட்டைத் தொடங்கோணும்.

விளக்கங்களுக்குச் சின்ன அட்டை வெட்டு, முன்பக்கம் சொல், பின்பக்கம் புத்தகத்தில உள்ள வசனம், உன்ர சொந்த வசனம் இப்ப வேண்டாம். சரியைக்குச் சாலோகம், கிரியைக்குச் சாமீபம், யோகத்துக்குச் சாரூபம், ஞானத்துக்குச் சாயுச்சியம், இதை முன்னுக்கும் பின்னுக்கும் கேள், சாரூபம் எதுக்கு எண்டு திருப்பிக் கேட்டா உடன வரோணும். அட்டையை அம்மாட்டைக் குடுத்துக் கேக்கச் சொல்லு, அம்மா சமைச்சுக்கொண்டே கேப்பா, பாட்டுகளில பிழையும் பிடிப்பா.

ஒரு நாள் தவறினா அடுத்த நாள் ரெண்டு நாளின்ரயும் செய், புதுக் கட்டை மட்டும் ஒரு நாள் தள்ளு. 30 காலமை புதுசா ஒண்டும் திறக்காதை, பஸ்ஸில அந்த நாலு தொடக்கச் சொல்லுகளை மட்டும் மனசுக்குள்ள ஓட்டிக்கொண்டு போ, முடிஞ்சதும் எனக்கு ஒரு கோல் எடு.